மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

"பொதுவாகப் பார்த்தால் உங்கள் உடல்நலம் எப்படி?" அமெரிக்காவில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் தொலைபேசியில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1984 முதல் நடத்திவரும் ஆய்வு அது. பதில் ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பேச்சில் சொன்னால் பிரமாதம், ரொம்ப நல்லது, நல்லது, சுமார், மோசம். கணினியில் இவை `GENHLTH` என்ற பத்தியில் 1 முதல் 5 வரையிலான எண்களாகப் பதிவாகின்றன.

பதில் சொன்னவர் ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். எண் நாம் ஒட்டிய சீட்டு. அந்தச் சீட்டை வைத்து வேறொன்றைக் கணிக்கப் புறப்படும்போது, உதாரணமாக ஒருவர் ஆண்டுக்கு எத்தனை முறை டாக்டரிடம் போவார் என்று பார்க்கும்போது, ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். 4 என்பதை எடை, உயரம் போல ஓர் அளவாக எடுத்துக்கொள்வதா, அல்லது "சுமார் என்று சொன்னவர்கள்" என்ற கூட்டத்தின் பெயராக மட்டும் எடுத்துக்கொள்வதா? நாம் யோசிக்காவிட்டால் மென்பொருளே முடிவெடுத்துவிடும். எண்ணைப் பார்த்தால் அது அளவு என்றே கொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. நூறு பேர். பிரமாதம் என்றவர்கள் 20 பேர், அவர்கள் சராசரியாக ஆண்டுக்கு 2 முறை டாக்டரைப் பார்க்கிறார்கள். ரொம்ப நல்லது என்ற 30 பேருக்குச் சராசரி 2.5. நல்லது என்ற 30 பேருக்கு 4. சுமார் என்ற 15 பேருக்கு 8. மோசம் என்ற 5 பேருக்கு 14.

முதலில் அளவாக எடுத்துக்கொள்வோம். கணினி இந்தப் புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோட்டை வரைகிறது. ஒரு படி இறங்கினால் சுமார் 2.4 முறை கூடும் என்கிறது. ஒரே எண்ணில் விஷயம் முடிந்துவிடுகிறது. சொல்லவும் எளிது, கேட்பவருக்கும் புரியும். ஆனால் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள். பிரமாதம் என்றவருக்கு 0.6 முறை என்கிறது, நிஜம் 2. நல்லது என்றவருக்கு 5.3 என்கிறது, நிஜம் 4. மோசம் என்றவருக்கு 10.1 என்கிறது, நிஜம் 14. உடம்பு முடியாதவர்களின் தேவையை ஆளுக்கு நான்கு முறை குறைத்துக் காட்டுகிறது அந்தக் கோடு. ஒரு மருத்துவமனை இதை வைத்து டாக்டர்களின் எண்ணிக்கையைத் திட்டமிட்டால், அதிகம் தேவைப்படுகிறவர்கள்தான் வரிசையில் காத்துக் கிடப்பார்கள்.

இதற்குக் காரணம், 1-லிருந்து 2-க்குப் போவதும் 4-லிருந்து 5-க்குப் போவதும் ஒரே தூரம் என்று நாம் சொல்லாமலே சொல்லிவிட்டதுதான். இங்கே முதல் படி அரை முறை, கடைசிப் படி ஆறு முறை.

இந்தச் சிக்கல் மருத்துவ அளவீட்டுக்காரர்களுக்குப் பழக்கமானது. எஸ்.எஃப்-36 என்று உலகெங்கும் பயன்படும் உடல்நலக் கேள்வித்தாளில் இதே கேள்வி முதல் கேள்வியாக வருகிறது. அதை உருவாக்கியவர்களின் மதிப்பெண் முறையில் பிரமாதத்துக்கு 5, ரொம்ப நல்லதுக்கு 4.4, நல்லதுக்கு 3.4, சுமாருக்கு 2, மோசத்துக்கு 1. நல்லதுக்கும் சுமாருக்கும் நடுவேதான் பெரிய பள்ளம். அதே கேள்வித்தாளுக்கு ராண்ட் நிறுவனம் வெளியிட்ட முறையிலோ 100, 75, 50, 25, 0 என்று சம இடைவெளி. கேள்வி ஒன்று, பதில்கள் ஒன்று, இடைவெளிகள் மட்டும் வேறு.

அப்படியானால் எஸ்.எஃப்-36 கொடுத்த இடைவெளிகளையே எல்லா இடத்திலும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. இடைவெளி அந்தச் சொற்களுக்குள் மட்டும் இல்லை, நாம் எதைக் கணிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும் எண்ணிக்கைக்கு வளைவாக இருக்கும் அதே பதில், தூங்கும் நேரத்துக்கு நேர்கோடாக இருக்கலாம்.

இனி வகையாக எடுத்துக்கொள்வோம். இப்போது கணினி பிரமாதத்தை அடிப்படையாக வைத்து, மற்ற நான்கு கூட்டங்களும் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று நான்கு எண்களைத் தருகிறது: 0.5, 2, 6, 12. அந்தந்தக் கூட்டத்தின் சராசரி அப்படியே கிடைத்துவிடுகிறது. இடைவெளி பற்றிய எந்த அனுமானமும் இல்லை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. மோசம் என்றவர்கள் ஐந்தே பேர். அதில் நான்கு பேர் சராசரியாக 7.5 முறையும், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் மட்டும் 40 முறையும் போயிருந்தால்கூட சராசரி 14 வரும். அந்த ஒருவர் கணக்கெடுப்பு நாளில் போனை எடுக்காமல் போயிருந்தால்? சராசரி 7.5. சுமார் என்றவர்களின் 8-ஐவிடக் குறைவு! மோசமான உடம்புக்காரர் குறைவாக டாக்டரிடம் போகிறார் என்று முடிவு எழுதிவிடுவோம். வகையாகப் பார்க்கும் முறைக்கு வரிசையே தெரியாது. ஐந்து பதில்களும் அதற்கு ஐந்து ஊர்களின் பெயர்கள் மாதிரி. ஒரு கூட்டத்தில் ஆள் குறைந்தால் பக்கத்துக் கூட்டங்களிடமிருந்து எந்த உதவியும் அதற்குக் கிடைக்காது. நேர்கோடோ அந்த ஐந்து பேரையும் மற்ற 95 பேரோடு சேர்த்தே பார்க்கிறது. அதனால்தான் அது அவ்வளவு ஆடாது.

நேர்கோடு என்பது வகை முறைக்குள் அடங்கும் ஒரு தனிநிலைதான். நான்கு விலகல்களும் சமமான படிகளாக அமைந்தால் அதுவே நேர்கோடு. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுச் சோதிக்க முடியும். ஆர் மொழியில் மூன்றே வரி:

```r
m1 <- lm(visits ~ GENHLTH, data = d)
m2 <- lm(visits ~ factor(GENHLTH), data = d)
anova(m1, m2)
```

கூடுதலாகச் செலவழித்த மூன்று எண்களுக்கு உரிய பலன் கிடைத்ததா என்று கடைசி வரி சொல்லும். ஆள் குறைவாக இருக்கும்போது "வித்தியாசம் தெரியவில்லை" என்று வந்தால், கோடு நேர் என்று நிரூபணமாகிவிட்டதாக நினைக்கக் கூடாது. வளைவைக் காட்டப் போதுமான ஆட்கள் இல்லை என்பதும் அதற்குப் பொருளாக இருக்கலாம்.

நடுவழியும் ஒன்று உண்டு. ஆர் மொழியின் `brms` தொகுப்பில் `mo()` என்று எழுதினால், படிகள் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும், ஆனால் ஒவ்வொரு படியின் உயரத்தையும் தரவே சொல்லட்டும் என்று பொருள். வரிசையும் காப்பாற்றப்படுகிறது, சம தூரம் என்ற கட்டாயமும் இல்லை. ஐந்து பதில்கள் கொண்ட கேள்விக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எந்த வழியில் போவதற்கு முன்னும் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சி.டி.சி.யின் அந்தப் பத்தியில் 5-க்குப் பிறகும் எண்கள் உண்டு. "தெரியவில்லை" என்றவருக்கு 7, பதில் சொல்ல மறுத்தவருக்கு 9. அளவாக எடுத்துக்கொண்டவர் இதைக் கவனிக்காவிட்டால், பதில் சொல்ல மறுத்தவர் "மோசம்" என்றவரைவிட நான்கு படி மோசமான நோயாளியாகிவிடுவார். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. வகையாக எடுத்திருந்தால் ஐந்து கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கூட்டம் நிற்பது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

லட்சக்கணக்கானவர்களின் பதில் கையில் இருந்தால் வகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்கள் கூடுவதால் அங்கே ஒன்றும் குறையாது. நூறு பேர்தான் என்றால், முதலில் ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை பேர், அவர்களின் சராசரி என்ன என்று ஒரு தாளில் எழுதி, ஐந்து புள்ளிகளை வைத்துப் பாருங்கள். அதன் பிறகு கோடு வரையலாம்.