உள் லூப் சுருங்கினால் வேலையும் சுருங்கிவிடுமா?

முதலாண்டு நிரலாக்க வகுப்பில் தவறாமல் வரும் ஒரு கணக்கு: பட்டியலில் ஏதாவது ஒரு பதிவெண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

```python
def irattai(a):
    n = len(a)
    for i in range(n):
        for j in range(i + 1, n):
            if a[i] == a[j]:
                return True
    return False
```

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், "நேரியல்தான் சார்" என்று ஒரு மாணவராவது சொல்வார். பட்டியல் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும், அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. அதற்குக் காரணமும் வைத்திருப்பார்: "உள் லூப் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கிக்கொண்டே போகிறது, கடைசியில் ஒன்றுமே இல்லை. ஓட்டியும் பார்த்துவிட்டேன், 100 பெயருக்கும் 200 பெயருக்கும் வித்தியாசமே தெரியவில்லை."

"லூப்புக்குள் லூப் இருந்தால் இருபடி" என்று ஒரு விதியைச் சொல்லி அவரை உட்கார வைத்துவிடலாம். அது பதில் ஆகாது. அந்த விதியே எல்லா இடத்திலும் செல்லாது. "இரண்டு லூப்பும் n முறைக்கு மேல் ஓடாது, ஆகவே வேலை n²-ஐத் தாண்டாது" என்று நிறுவினாலும் போதாது. தாண்டாது என்றால் மேல் எல்லை மட்டும்தான் தெரிகிறது. நேரியலாக ஓடும் நிரலும் n²-ஐத் தாண்டுவதில்லையே! நேரியல் இல்லை என்று காட்ட வேண்டுமானால், வேலை குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தே தீரும் என்று காட்டியாக வேண்டும். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தனித்தனிக் குறியீடுகளால் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று டொனால்ட் நூத் 1976-இல் எழுதியதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

அந்தக் கீழ் எல்லையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பட்டியலில் 1000 எண்கள், எல்லாமே வேறு வேறு என்று வைத்துக்கொள்வோம். உள் லூப் சுருங்குவது உண்மை: முதல் சுற்றில் 999 ஒப்பீடு, அடுத்ததில் 998, கடைசிச் சுற்றில் சுழியம். ஆனால் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது? சுற்றுக்கு ஒன்றே ஒன்று. 500-ஆவது சுற்றுக்கு வந்த பிறகும் 500 ஒப்பீடுகள் பாக்கி இருக்கின்றன. அதாவது முதல் 500 சுற்றுகளில் ஒவ்வொன்றும் 500-க்குக் குறையாமல் ஒப்பிடுகிறது. அங்கேயே 2,50,000 ஆகிவிட்டது. பின்பாதியை நாம் இன்னும் தொடவே இல்லை. n இரட்டைப்படை எண்ணாக இருந்தால், இதே கணக்கில் ஒப்பீடுகள் n²/4-க்குக் கீழே போக முடியாது. மொத்தத்தையும் கூட்டினால் n(n−1)/2 வரும், 1000-க்கு 4,99,500.

சரி, ஓட்டிப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை? 100 எண்களுக்கு 4,950 ஒப்பீடு, 200-க்கு 19,900. இரண்டையுமே கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். பைத்தான் தொடங்குவதற்கு ஆகும் நேரமே அதைவிட அதிகம். கடிகாரம் அந்தத் தொடக்க நேரத்தைத்தான் அளந்து காட்டியிருக்கிறது. அதைவிட மோசமான பொறி ஒன்றும் உண்டு. சோதனைக்கு எடுத்த பட்டியலில் முதல் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், `return True` ஒரே ஒப்பீட்டில் வெளியே வந்துவிடும். பட்டியலில் லட்சம் எண்கள் இருந்தாலும் அப்படித்தான்.

அதனால் கடிகாரத்தை ஓரம் வைத்துவிட்டு, எண்ணிப் பார்ப்பதே நல்லது. லூப்புக்கு முன்னால் `c = 0` என்றும், `if` வரிக்கு மேலே `c += 1` என்றும் ஓர் எண்ணியைச் சேர்த்து, எதுவும் திரும்ப வராத பட்டியலைக் கொடுங்கள். `return False`-க்கு முன்னால் `c`-ஐ அச்சிடுங்கள். பிறகு n-ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்.

```
n       c
1000    499500
2000    1999000
4000    7998000
```

பட்டியல் இரட்டிக்க, எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. நேரியலாக இருந்திருந்தால் இரண்டு மடங்கோடு நின்றிருக்கும். `n(n−1)/2`-இல் உள்ள பாதியைக் காட்டி, "பாதி வேலைதானே" என்று சொல்லவும் இடமில்லை. ஒவ்வொரு வரியிலும் அந்தப் பாதி இருக்கிறது, மடங்கை அது மாற்றவில்லை. இதே நிரலிடம் ஒரு லட்சம் பதிவெண்களைக் கொடுத்தால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். அப்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லூப்புக்குள் லூப் என்றாலே இருபடி என்ற விதி எங்கே தவறும் என்பதையும் இதே எண்ணியை வைத்துப் பார்க்கலாம். கீழே உள்ள நிரலில் `a` ஏறுவரிசையில் அடுக்கிய பட்டியல்.

```python
j = 0
for i in range(n):
    while j < n and a[j] - a[i] <= d:
        j += 1
```

இங்கேயும் உள்ளே ஒரு லூப் இருக்கிறது. ஆனால் `j` ஒவ்வொரு சுற்றிலும் ஆரம்பத்துக்குத் திரும்புவதில்லை, விட்ட இடத்திலிருந்து முன்னே மட்டுமே நகர்கிறது. ஆகவே `j += 1` என்ற வரி மொத்தமாகவே n முறைக்கு மேல் நடக்க வழியில்லை. `while` நிபந்தனை பொய்யாவதும் சுற்றுக்கு ஒரு முறைதான். 1000 எண்களுக்கு அந்த நிபந்தனையைச் சோதிப்பது அதிகபட்சம் 2,000 முறை, 2000 எண்களுக்கு 4,000 முறை.