வணிகச் சின்னம்: விண்ணப்ப ரசீது வந்துவிட்டது, பெயர் நம்முடையதாகிவிட்டதா?

கேமரன்மலை - ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரையிலான சாலையோரக் கடைகளில் பெரிய தோட்டங்களின் தேயிலைக்குப் பக்கத்திலேயே சிறு குடும்பத் தொழில்களின் பொட்டலங்களும் அடுக்கப்பட்டிருக்கும். இஞ்சித் தேயிலை, மசாலாத் தேயிலை, ஸ்ட்ராபெரி ஜாம் என ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு படமும் இருக்கும். அந்தப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும் பலர், ரசீது கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அந்த ரசீது எண்ணுக்கு எதிரே திரையில் வரும் நிலைச் சொற்களைப் படிக்கத் தெரியாததால், நல்ல பெயரும் கட்டிய பணமும் கைவிட்டுப் போவது உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்யும் பதிவு வேறு. வணிகச் சின்னப் பதிவு வேறு. எஸ்எஸ்எம் பதிவு தொழிலைச் சட்டப்படி நடத்துவதற்கானது. அதே பெயரை இன்னொருவர் தம் தேயிலைப் பொட்டலத்தில் அச்சிடுவதைத் தடுக்கும் உரிமையை அது தராது. அந்த உரிமையைத் தருவது மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் செய்யும் பதிவு. 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 27 முதல் நடப்பில் உள்ளது. கீழே சொல்லப்படும் நிலைகள் அந்தச் சட்டத்தின்படி வருபவை.

ஓர் உதாரணக் குடும்பம்

தானா ராத்தாவில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகள் மசாலாத் தேயிலையும் ஸ்ட்ராபெரி ஜாமும் தயாரித்து விற்கிறார். பொட்டலத்தின் மேல் 'மலைத்தூறல்' என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குடும்பமும் பெயரும் விளக்கத்திற்காகச் சொல்லப்படுபவை. ஆனால் அவர்கள் கடக்கும் படிகள் எல்லா விண்ணப்பதாரருக்கும் உரியவை.

வணிகச் சின்னம் பொருள் வகைவாரியாகப் பதிவாகிறது. தேயிலை 30ஆம் வகுப்பில் வரும். ஜாம் 29ஆம் வகுப்பில் வரும். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் சேர்க்கலாம், ஆனால் கட்டணம் வகுப்புக்கு ஒன்று. மைஐபிஓ முன்பே ஏற்றுவைத்துள்ள பொருள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி. பொருளை நாமே சொந்த வார்த்தையில் விவரித்தால் 1,100 வெள்ளி. மகள் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்து 1,900 வெள்ளி கட்டுகிறார். TM என்று தொடங்கி, ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண் கிடைக்கிறது.

அந்த எண் உறுதி செய்வது ஒன்றைத்தான்: விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது என்பதை. பின்னாளில் சின்னம் பதிவானால், உரிமை அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். அதனால் அந்தத் தேதி விலை மதிப்புள்ளது. ஆனால் பெயர் ஏற்கப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இப்போது யார் முறை?

மைஐபிஓவின் இணையத் தேடல் பக்கத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் அப்போதைய நிலை தெரியும். எந்த நிலையைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இப்போது அடுத்த காரியத்தைச் செய்ய வேண்டியது அதிகாரியா, நாமா, வெளியாரா?

முதலில் வருவது முறைமைச் சரிபார்ப்பு. திரையில் 'Formality' என்ற சொல்லைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். கட்டணம் சரியா, முகவரி உண்டா, படம் தெளிவாக உள்ளதா, பொருளும் வகுப்பும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரோமன் எழுத்தில் இல்லாத சின்னத்திற்கு அதன் ஒலிபெயர்ப்பும், மலாய் அல்லது ஆங்கிலத்தில் பொருளும் தர வேண்டும். 'மலைத்தூறல்' என்பதை எப்படி உச்சரிப்பது, மலையில் பெய்யும் சிறு மழை என்று அதற்குப் பொருள் என்பதை எழுதிக் கொடுக்காவிட்டால் குறை சுட்டும் கடிதம் வரும். அப்போது முறை நம்முடையது. கொடுத்த கெடுவுக்குள் திருத்தாவிட்டால் விண்ணப்பம் மேலே நகராது.

அடுத்தது 'Substantive Examination'. இது பெயரையே எடைபோடும் சோதனை. இங்கே முறை அதிகாரியுடையது. நாம் செய்யக்கூடியது காத்திருப்பதுதான். அவர் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார். முதலாவது, இந்தப் பெயர் ஒருவருக்கே சொந்தமாகத் தக்கதா என்பது. வெறும் 'கேமரன் ஹைலண்ட்ஸ் டீ' என்று மட்டும் இருந்தால் அது ஊரையும் பொருளையும் சொல்கிறதே தவிர, தயாரித்தவரைச் சொல்லவில்லை. இந்த மலையில் தேயிலை விற்கும் எல்லாருக்கும் அந்தச் சொற்கள் தேவை என்பதால், ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுப்பதில்லை. இரண்டாவது, அதே வகைப் பொருளுக்கு முன்பே யாரேனும் இதுபோன்ற பெயரைப் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ இருக்கிறார்களா என்பது.

கெடு ஓடும் நிலை

இந்தச் சோதனையில் தடை ஏற்பட்டால் வருவது 'Provisional Refusal'. இந்தச் சொல்லைப் பார்த்ததும் மனம் உடைந்து விட்டுவிடுபவர்களும் உண்டு; அதிகாரிகள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இது தற்காலிக மறுப்பு. இப்போது முறை முழுக்க முழுக்க நம்முடையது.

உதாரணக் குடும்பத்திற்கே வருவோம். ஜூன் 10 தேதியிட்ட அறிவிப்பு வருகிறது. ஜாமுக்குத் தடை இல்லை. ஆனால் 30ஆம் வகுப்பில், ஒலியில் நெருங்கிய வேறொரு பெயர் ஏற்கெனவே தேயிலைக்குப் பதிவாகியுள்ளது என்கிறது அறிவிப்பு. பதில் தர இரண்டு மாத அவகாசம் உண்டு. மகள் மின்னஞ்சலைத் திறந்தது ஜூலை 2ஆம் தேதி. அவர் திறந்த நாளிலிருந்து கெடு ஓடுவதில்லை. அறிவிப்பின் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. ஆக, அவர் கையில் இருப்பது ஆகஸ்ட் 10 வரையிலான ஐந்தரை வாரம். அவகாசம் போதாவிட்டால், கெடு முடிவதற்குள்ளேயே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அவருக்கு வழிகள் உள்ளன. இரண்டு பெயர்களும் எழுத்திலும் பொருளிலும் தோற்றத்திலும் எப்படி வேறுபடுகின்றன என்று எழுத்து மூலம் வாதிடலாம். பழைய பதிவுக்காரரிடம் ஒப்புதல் கடிதம் பெற்றுக் கொடுக்கலாம். அதை ஏற்பது பதிவாளரின் முடிவு. அந்தப் பழைய சின்னம் இன்னும் உயிரோடு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பதிவு அறிவிப்பு வெளியான பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நியாயமான காரணமின்றிப் பயன்படுத்தப்படாத சின்னத்தை நீக்கக் கோரி நீதிமன்றம் செல்லலாம். ஆனால் சிறு தொழிலுக்கு அது செலவு மிகுந்த வழி. எதுவும் கைகூடாவிட்டால் தேயிலையை விட்டுவிட்டு ஜாமுக்கு மட்டும் பெயரைக் காப்பாற்றலாம்.

எதையும் செய்யாமல் ஆகஸ்ட் 10 கடந்தால் என்ன ஆகும்? விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். திரையில் 'Withdrawn' என்று வரும். நாம் திரும்பப் பெறவே இல்லையே என்று கேட்டுப் பயனில்லை. பதில் தராததே திரும்பப் பெற்றதற்குச் சமம். 'Refused' என்பது வேறு. நம் பதிலைப் பரிசீலித்த பிறகும் மறுக்கப்பட்டது என்று அதற்கு அர்த்தம். அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் முறையிடலாம். 'Withdrawn' ஆன பிறகு புதிதாக விண்ணப்பித்தால், மீண்டும் 1,900 வெள்ளி கட்ட வேண்டும், தேதியும் புதியது. இடைப்பட்ட மாதங்களில் அதே பெயரை வேறொருவர் கேட்டிருந்தால், அவர் வரிசையில் முன்னால் நிற்பார். பணத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

வெளியார் முறை

தடை நீங்கினால் சின்னம் அதிகாரப்பூர்வ இதழில் வெளியிடப்படும். நிலை 'Published' ஆகும். இதைப் பதிவு என்று எண்ணிவிடக் கூடாது. வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்தால் 'Opposition' அல்லது 'Opposed' என்ற சொல் தோன்றும். அப்போது முறை மீண்டும் நம்மிடம் திரும்புகிறது. எதிர்ப்பு அறிவிப்பு கிடைத்த இரண்டு மாதத்திற்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால், இங்கும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இதழில் பெயரும் முகவரியும் வெளியாவதால், அரசாங்கக் கடிதம் போலவே தோன்றும் கட்டண அறிவிப்புகளைச் சில தனியார் நிறுவனங்கள் அனுப்பும். உலக அறிவுசார் சொத்து அமைப்பே இதுபற்றி எச்சரித்துள்ளது. எந்தக் கட்டணக் கடிதம் வந்தாலும், அதிலுள்ள தொலைபேசி எண்ணை அழைக்காமல் மைஐபிஓவை நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதி செய்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

எதிர்ப்பு எதுவும் இல்லாமல் கடந்தால்தான் 'Registered'. பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவானதற்கான அறிவிப்பு வரும். சான்றிதழ் வேண்டுமானால் தனியாகக் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும். சான்றிதழ் தபாலில் வரும் என்று காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பொட்டலம் அச்சிடும் முன்

வட்டத்துக்குள் R எழுத்துள்ள ® குறியை 'Registered' நிலை வந்த பிறகே அச்சிடலாம். பதிவாகாத சின்னத்தைப் பதிவானது என்று காட்டுவது சட்டப்படி குற்றம். அதுவரை ™ குறியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிவு தேவையில்லை. ஆயிரக்கணக்கில் பெட்டிகளை முன்கூட்டியே அச்சடிப்பவர்கள் இந்த ஓர் எழுத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

விண்ணப்பித்தவர்கள் இரண்டு காரியங்களைச் செய்துவைத்தால் போதும். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலை வீட்டில் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். முகவர் மூலம் விண்ணப்பித்திருந்தால் கடிதம் அவருக்குத்தான் போகும் என்பதால் அவரைக் கேட்க வேண்டும். அறிவிப்பு ஏதும் வந்தால் அதன் தேதியையும், அதிலிருந்து இரண்டு மாதம் முடியும் நாளையும் சுவர் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்க வேண்டும். தானா ராத்தா மகள் ஜூலை 2இல் மின்னஞ்சலைத் திறந்ததால் அவருக்கு ஐந்தரை வாரம் மிச்சமிருந்தது. ஆகஸ்ட் 11இல் திறந்திருந்தால் 'மலைத்தூறல்' தேயிலைக்கும் இல்லை, தடையே இல்லாத ஜாமுக்கும் சிக்கல்தான்.