சுவரில் ஒட்டிய படமும் செல்போனில் வரும் படமும்

முன்பெல்லாம் ஆய்க்குடியில் ஒரு டியூஷன் சென்டர் விளம்பரம் செய்ய வழிகள் குறைவு. பேப்பருக்குள் மடித்து வைத்த நோட்டீஸ், இல்லையென்றால் தென்காசி பஸ் போகிற பாதையில் ஒரு சுவர். அதில் படம் போட்ட பையனை ஊருக்கே தெரியும். வருஷம் முழுக்க அங்கே படித்தானா, பரீட்சைக்கு முன் ஒரு மாதம் வந்துபோனானா என்று டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தியது. அதே ஆண்டில் நீட் இங்கே கட்டாயமானது. பள்ளிக்கூட நோட்டீஸில் இருந்த போட்டி, கோச்சிங் விளம்பரத்துக்கு இடம் மாறியது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையிலிருக்கும் திரையில் ஏதோ ஓர் ஊர்ப் பையன் சிரிக்கிறான், பக்கத்தில் பெரிதாக ‘1’. அவனை விசாரிக்க ஆள் இல்லை.

அந்த ‘1’ என்ன என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஐஐடியன்ஸ் பிரஷிக்‌ஷண் கேந்திரா என்ற பயிற்சி நிறுவனத்துக்கு 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ‘ஐஐடி டாப்பர்’ என்று போட்டு அருகில் 1, 2 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவை அகில இந்திய ரேங்க் அல்ல, அந்த நிறுவனத்துக்குள் வாங்கிய இடம். 21 ஆண்டுகளில் 1,384 ஐஐடி ரேங்க் என்ற கணக்கிலும் என்ஐடி, மணிப்பால், விஐடி என்று வேறு கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் கலந்திருந்தார்கள். அங்கே படிப்பவர்கள் 7 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள். பெரிய எழுத்தை அப்படியே நம்பும் வயது அது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

2024 நவம்பரில் அதே ஆணையம் கொண்டுவந்த விதிகள் ஊர்க்காரர் கேட்டிருக்கும் கேள்விகளையே கேட்கின்றன. படம் போட்டால் பெயரும் ரேங்கும் மட்டும் போதாது. எந்த கோர்ஸ், எத்தனை மாதம், பணம் கட்டிப் படித்தாரா என்பதும் வேண்டும். மாணவரின் சம்மதத்தைத் தேர்ச்சிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும், சேரும்போதே கையெழுத்து வாங்கி வைக்கக் கூடாது. பொடி எழுத்தும் செல்லாது.

ஆனால் விளம்பரம் யாரைத் தேடி வருகிறது என்பது வேறு விஷயம். 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. சிக்கல் வீட்டிலேயே இருக்கிறது. பீடி சுற்றும் அம்மாவின் பெயரில் வாங்கிய போனில்தான் பிள்ளை படிக்கிறது. அந்தக் கணக்கின் வயது நாற்பது. சட்டம் காக்க நினைக்கும் பிள்ளை அங்கே கண்ணுக்கே தெரியாது.

சுவர் விளம்பரம் மழை வரும் வரைக்குமாவது நிற்கும். திரையில் வந்தது நாளைக்கு இருக்காது. சந்தேகம் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேச வேண்டும்.