பதினொன்றை நான்கால் வகுத்தால்

ஒரு தெருவில் 11 வீடுகள். நான்கு வீடுகளில் மட்டும் விசாரித்து, வீட்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். உண்மை நிலவரம் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படி 4, 3, 6, 5, 4, 7, 3, 5, 8, 4, 6 பேர். மொத்தம் 55, சராசரி 5.

கணக்கெடுப்பவர்களின் வழக்கமான வழி முறைசார் கூறெடுப்பு. 11-ஐ 4-ஆல் வகுத்தால் 2.75, அதை 3 என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் மூன்று வீடுகளில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அங்கிருந்து மூன்றாவது மூன்றாவது வீடாகத் தெருக்கோடி வரை போவார்கள். இது நேர்கோட்டு முறை. 12 வீடுகள் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

இங்கே குலுக்கலில் 1 வந்தால் 1, 4, 7, 10 ஆகிய வீடுகள்; சராசரி 4. இரண்டு வந்தால் 2, 5, 8, 11, சராசரி 4.5. மூன்று வந்தால் 3, 6, 9 என்று மூன்றே வீடுகள்; சராசரி 7. மூன்று விடைகளும் சம வாய்ப்புள்ளவை. அவற்றின் சராசரி 5 வர வேண்டும். வருவதோ சுமார் 5.17. எல்லா வீட்டுக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கும்போது இந்தச் சாய்வு எப்படி வந்தது? மூன்று பேர் கூட்டத்தில் ஒருவரின் குரல் நான்கு பேர் கூட்டத்தில் இருப்பதைவிட ஓங்கி ஒலிக்கும். நம் தெருவில் பெரிய குடும்பங்கள் அந்தச் சிறு கூட்டத்தில் மாட்டிக்கொண்டன.

இதற்கு டி. பி. லகிரி 1952-இல் சொன்ன வழிதான் வட்ட முறை. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்குக் கூறெடுப்பு முறைகளை வகுத்தவர்களில் அவர் ஒருவர். குலுக்கலை முதல் மூன்று வீடுகளோடு நிறுத்தாமல் 11 வீடுகளுக்கும் விரிக்கிறார். கடைசி வீட்டுக்கு அடுத்தது முதல் வீடு என்று கொண்டு, நான்கு வீடுகள் சேரும்வரை சுற்றி வர வேண்டும். குலுக்கலில் 9 வந்தால் 9, அடுத்து 12. அதாவது முதல் வீடு. பிறகு 4, 7. இப்படி 11 தொடக்கங்களுக்கு 11 மாதிரிகள். ஒவ்வொன்றிலும் சரியாக நான்கு வீடுகள். ஒவ்வொரு வீடும் சரியாக நான்கு மாதிரிகளில் இடம்பெறும். அந்த 11 சராசரிகளின் சராசரி துல்லியமாக 5.

நேர்கோட்டு முறையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கிடைத்த மாதிரியின் கூட்டுத்தொகையை அதில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்காமல், 3-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்தால் சாய்வு போய்விடும். ஆனால் எத்தனை வீடு வரும் என்பது குலுக்கல் கையில்தான் இருக்கும். களப்பணியாளருக்கு அன்றைய வேலை அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வட்ட முறையிலும் ஒரு கண்ணி உண்டு. 15 வீடுகளில் 6 வேண்டும் என்றால் 2.5 வருகிறது. அதை 3 ஆக்கினால் 1, 4, 7, 10, 13, அடுத்து மறுபடி 1. ஆறு வீடு தேடிப்போய் ஐந்துதான் தேறும். எங்கே தொடங்கினாலும் இதே கதை. பின்னத்தை வெட்டி 2 என்று வைத்தால் ஒரு வீடும் திரும்ப வராது. அதற்குக் கொடுக்கும் விலை, முதல் வீட்டில் தொடங்கினால் பதினொன்றோடு நின்றுவிடும், கடைசி நான்கு வீடுகள் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.