குளிர் அறையின் இணைப்புக் கோடுகள்

உறைகுளிர் அறைகளின் சுவர்கள் பெரும்பாலும் இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாலிஐசோசயனுரேட் நுரை நிரப்பிய பலகைகளால் ஆனவை. தகட்டை ஊடுருவி நீராவி செல்லாது. பலகைகள் கூடும் இணைப்பில்தான் அதற்கு வழி கிடைக்கிறது.

தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று கொள்வோம். உள்ளே மைனஸ் 20. வெளியே நீராவி அழுத்தம் உள்ளே இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். மயிரிழை இடைவெளி போதும், ஈரம் உள்நோக்கி நகரும். வழியில் குளிர்ந்து நீராகி, மேலும் உள்ளே பனிக்கட்டியாகும். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் இணைப்பு இன்னும் திறந்து, அடுத்த ஈரத்துக்கு இடம் விடுகிறது. பனிக்கட்டி நுரையைவிட நூறு மடங்கு வெப்பம் கடத்துவது.

ஆகவே பியூட்டில் பசையை வெளிப்புற, அதாவது வெப்பமான பக்க விளிம்பில், மூலைகளிலும் அறாமல் இட வேண்டும். உட்புறத்தை மட்டும் அடைப்பது பெருந்தவறு: நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றி நுரையிலேயே தங்கும். குழாயும் மின்கம்பியும் நுழையும் துளைகள்தான் அதிகம் மறக்கப்படுபவை. வெளிச்சுவரில் இணைப்பை ஒட்டி மட்டும் வியர்த்தால், அடைப்பு அங்கே விட்டுப்போயிருக்கலாம்.