வாடிக்கையாளர் சொல்லும் ‘நன்றி’யும் மூடாத டிக்கெட்டும்

ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியின் ஜார் விரிசலோடு வந்திருக்கிறது என்று ஒருவர் கடையின் உதவி முகவரிக்கு மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் அதை எடுத்து, 4821 என்று எண் போட்டு டிக்கெட்டாக்கிவிடும். 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் போன்றவை செய்யும் முதல் வேலை இதுதான்.

டிக்கெட் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும். வந்தவுடன் ‘ஓப்பன்’. “விரிசலைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று ஊழியர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது ‘பெண்டிங்’. மாற்று ஜார் போய்ச் சேர்ந்ததும் ‘ரிசால்வ்டு’. அதன்பின் சில நாள் சத்தமில்லை என்றால் ‘க்ளோஸ்டு’.

படத்தோடு வரும் பதிலும் அதே 4821-ல் சேர வேண்டும். பதில் மெயிலின் தலைப்பகுதியில், நாம் வழக்கமாகப் பார்க்காத `In-Reply-To` என்ற வரியில், அது எந்த மெயிலுக்கான பதில் என்ற அடையாளம் இருக்கும். மென்பொருள் முதலில் அதைத் தேடும். கிடைக்காவிட்டால், பொருள் வரியில் உள்ள எண்ணைப் பார்க்கும். இரண்டும் இல்லாமல் வாடிக்கையாளர் புது மெயிலே எழுதிவிட்டால் இரண்டாவது டிக்கெட் முளைத்துவிடும். அதை ஊழியர்தான் கண்டுபிடித்துப் பழையதோடு இணைக்க வேண்டும்.

ஜார் கிடைத்தவர் “மிக்க நன்றி” என்று ஒரு வரி எழுதுகிறார். முடிந்த டிக்கெட்டுக்குப் பதில் வந்தால் அது மறுபடி ‘ஓப்பன்’ ஆக வேண்டும் என்பது பொது விதி. ஆகவே இந்த ஒரு வரிக்காக 4821 திரும்பவும் ஊழியரின் வரிசையில் வந்து நிற்கிறது. இதைத் தடுக்க, வெறும் நன்றியை அடையாளம் காணும் வசதியை ஃப்ரெஷ்டெஸ்க் உள்ளிட்ட மென்பொருள்கள் தருகின்றன.

‘நன்றி’ என்ற சொல்லைத் தேடினால் மட்டும் போதாது. கோபமான புகார் மெயிலும் “நன்றி, இப்படிக்கு” என்றுதான் முடியும். அதனால் கையொப்பத்தையும், கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயிலையும் முதலில் நீக்க வேண்டும். மீதியில் ‘ஆனால்’, ‘இன்னும்’, கேள்விக்குறி, இணைப்புப் படம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மனிதர் பார்த்தே ஆக வேண்டும். “நன்றி, ஜார் வந்தது. ஆனால் மூடியைக் காணோம்” என்பது தீராத புகார்.

நன்றி எந்த நிலையில் வந்தது என்பது அதைவிட முக்கியம். படம் கேட்டபோதே “நன்றி, மாலையில் அனுப்புகிறேன்” என்று பதில் வரலாம். ‘பெண்டிங்’கில் இருக்கும் அந்த டிக்கெட்டை மூடினால் மாற்று ஜார் போகவே போகாது. ஏற்கெனவே ‘ரிசால்வ்டு’ ஆனதை அப்படியே விட்டுவைக்க மட்டும் நன்றியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. தேவையில்லாமல் திறந்த டிக்கெட்டால் ஊழியருக்குச் சில நொடி வீணாகும். தவறாக மூடியதோ ஒரு வாடிக்கையாளரைப் பதிலின்றிக் காக்க வைத்துவிடும்.

அத்தகைய தவறுகள் தாமாக வெளியே தெரிவதில்லை. நன்றியால் திறக்காமல் விட்ட டிக்கெட்டுகளை வாரம் ஒருமுறை எடுத்து, அதே நபர் அதே விஷயத்துக்காகப் புது மெயில் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அவருடைய நன்றி மெயிலைத் திறந்து, எந்தச் சொல்லை விதி தவறவிட்டது என்று தேடி, அதையும் சேர்க்க வேண்டும்.