மென்பொருள் பிடிக்காத பிழைகள்

முதல் சர்க்யூட் போர்டை வரைந்து முடித்து DRC சோதனையை ஓட்டுகிறோம். பிழை பூஜ்யம் என்று வந்ததும் கோப்புகளை அனுப்பிவிடக் கை பரபரக்கும். அந்தச் சோதனை செம்புப் பாதைகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா, போர்டு மின்படத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும். மின்படமே தவறாக இருந்தால் அதற்குத் தெரியாது. குழுவின் சரிபார்ப்புப் பட்டியல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ரெகுலேட்டரையே எடுத்துக்கொள்வோம். 7805 பலருக்கும் பழகியது: முதல் கால் உள்வரவு, நடுக்கால் தரை, மூன்றாவது வெளியீடு. அதே பழக்கத்தில் 3.3 வோல்ட்டுக்கு AMS1117 போட்டால் வம்புதான். அதில் முதல் கால் தரை, நடுக்கால் வெளியீடு, மூன்றாவது உள்வரவு. முதுகிலுள்ள உலோகப் பட்டை 7805-இல் தரை, இதில் வெளியீடு. 7805-இன் வரிசையிலேயே வரைந்துவிட்டால், வெளியீட்டுக் காலையும் பட்டையையும் நாமே தரையோடு பிணைத்துவிடுகிறோம். DRC-க்கு அதில் குறையே தெரியாது. போர்டு வந்து மின்சாரம் கொடுத்த பிறகு, 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டரை வைக்கும்போதுதான் தெரியும்.

இதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கப்போகும் பாகத்தின் முழு எண்ணுக்குரிய டேட்டாஷீட்டைத் திறந்து ஒவ்வொரு காலாக வாசிக்க, மற்றவர் அச்செடுத்த மின்படத்தில் பேனாவால் டிக் அடிக்க வேண்டும். வரைந்தவரே இரண்டையும் செய்தால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதையே வாசிப்பார்.

சூட்டையும் அப்போதே கணக்கிடலாம். 12 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு இறக்கி 0.3 ஆம்பியர் எடுத்தால், 8.7 பெருக்கல் 0.3, சுமார் 2.6 வாட் வெப்பம். விரல்நகம் அளவுள்ள அந்தப் பாகம் அதைத் தாங்காது. 5 வோல்ட்டிலிருந்து இறக்கினால் அரை வாட்தான்.

அடுத்து, போர்டை அதே அளவில் தாளில் அச்செடுத்து, கையிலிருக்கும் பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் அளவுகோல் வேண்டும்: 2.54 மி.மீ. இடைவெளியுள்ள 11 கால் வரிசையில் முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை 25.4 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் பிரிண்டர் படத்தைச் சுருக்கியிருக்கிறது. கனெக்டர்களில் கூடுதல் கவனம் தேவை. சில டேட்டாஷீட்டுகள் படத்தை அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் தருகின்றன. கவனிக்காவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும்.

கடைசியாக, ஆலைக்குப் போகும் கெர்பர் கோப்புகளை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். துளைகள் செம்பு வளையங்களின் நடுவே விழுகின்றனவா, போர்டின் வெளிக்கோடு இருக்கிறதா? அடிப்பக்க எழுத்துகள் மேலிருந்து பார்க்கையில் கண்ணாடிப் பிம்பம்போலத்தான் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால், வரும் போர்டில் அவை தலைகீழ்ப் பிம்பமாகிவிடும்.